தைராய்டு டெஸ்டுக்குப் போகும் முன்: முடி மாத்திரை, காலை மாத்திரை, வெறும் வயிறு

லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. போன வருடம் ஒரு அக்கா கையில் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார். தைராய்டு குறைவு என்று பல வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறவர். தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன் டி.எஸ்.எச்.; தைராய்டு அதிகமானால் அது குறையும். ஆறு மாதம் முன்பு அவருக்கு அது 3.1. இந்த முறை 0.05. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான எஃப்.டி.4 இருக்க வேண்டியது சுமார் 0.9 முதல் 1.7 வரை, அவருக்கு வந்திருந்ததோ 3.4. தாளை மட்டும் பார்த்தால் தைராய்டு எகிறிக் கிடக்கிறது, மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாடித் துடிப்பு 72, கை நடுக்கம் இல்லை, எடையும் குறையவில்லை. "படபடப்பா இருக்கான்னு டாக்டர் கேக்கறாரு. எனக்கு மலச்சிக்கல்தான் இருக்கு" என்றார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "வேற ஒண்ணும் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முடி கொட்டுதுன்னு ஒண்ணு போடறேன், அது மருந்தில்லையே" என்று கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம்.

தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் வாங்குவார்கள். அதனால் யாருக்கு அடிக்கடி தைராய்டு டெஸ்ட் எடுக்கிறோமோ, அவர்களிடமே இந்த டப்பாவும் இருக்கும்.

முதல் படி: மூன்று நாள் முன்பே டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள்

பயோட்டின் என்பது வைட்டமின் பி7. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். அந்த அக்கா சாப்பிட்டது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். உடம்புக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, மிச்சம் சிறுநீரில் போய்விடும். சிக்கல் மெஷினில்தான் வருகிறது.

தைராய்டு பார்க்கும் பல மெஷின்களில் பயோட்டினையே ஒரு கொக்கி போலப் பயன்படுத்துகிறார்கள். டி.எஸ்.எச்.சைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் இந்தக் கொக்கி இருக்கும். அது மாட்டிக்கொள்வதற்கான வளையம் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம். கொக்கி வளையத்தில் மாட்டியது மட்டும் தங்கும், மற்றதைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். ரத்தத்தில் ஏற்கனவே பயோட்டின் மிதந்தால் அது வளையங்களை அடைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச்.சோடு வந்த கொக்கி இடமில்லாமல் கழுவப்பட்டுப் போகும், மெஷின் 'குறைவு' என்று சொல்லும். எஃப்.டி.4 பார்க்கும் முறை தலைகீழ். அதில் மாட்டியது குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று கணக்கு. அதனால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், எஃப்.டி.4 பொய்யாக ஏறியும் வரும். இரண்டும் சேர்ந்தால் தைராய்டு அதிகம் என்பதன் அச்சு அசலான படம். இதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

எல்லா மெஷினும் இப்படி இல்லை. சில கம்பெனிகள் முறையை மாற்றியும் விட்டன. ஆனால் உங்கள் லேபில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். 'முடி, தோல், நகம்' என்று போட்ட மாத்திரை, கம்மி, பவுடர் எதுவானாலும் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் 30 மைக்ரோகிராமுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஏதாவது நோய்க்காக டாக்டரே அதிக அளவில் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரைக் கேளுங்கள். அந்த அளவுகளுக்கு இரண்டு நாள் போதாமலும் போகலாம்.

இடையில் ஒன்று. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் கணக்கு பார்க்க முடியாது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் சில மெஷின்களில் பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்படி ஒரு மரணம் நடந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. ஆஸ்பத்திரியில் பயோட்டின் சாப்பிடுவதை உடனே வாயால் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: முந்தின இரவு

தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி கட்டாயமில்லை. ஆனால் நம் ஊரில் அதோடு சுகரும் கொழுப்பும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். வெறும் வயிற்று சுகருக்கு எட்டு மணி நேரம் வேண்டும். கொழுப்பும் சேர்ந்தால் பத்து, பன்னிரண்டு என்று வையுங்கள். இரவு எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழுக்கு வந்தால் சரியாக இருக்கும். நல்லதுதானே என்று பதினாறு மணி நேரம் கிடக்க வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்; குடித்தால்தான் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும். சர்க்கரை போடாத காபிகூட வேண்டாம்.

மூன்றாம் படி: காலை மாத்திரைகள்

தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் எஃப்.டி.4 தற்காலிகமாக ஏறி நிற்கும். டி.எஸ்.எச். ஒரு நாள் மாத்திரையால் மாறாது, அது வாரக்கணக்கில் நகரும். அந்த அக்கா ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, ஏழுக்கு பயோட்டின் போட்டுவிட்டு ஒன்பதுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வரக் கூடாது. ரத்தம் கொடுக்கும் வரை சாப்பிட மாட்டீர்கள், வரிசையில் நிற்கும்போதே சுகர் இறங்கி மயக்கம் வரும். ரத்தம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மருந்தோடு சாப்பிட்டு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணி அடுத்த ரத்தத்துக்கு வாருங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல. இரவில் போடும் இன்சுலினை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பிரஷர் மாத்திரையை டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் தண்ணீரோடு வழக்கம்போலப் போடலாம்.

நான்காம் படி: நேரம்

டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து, மதியத்துக்கு மேல் இறங்கும். போன முறை காலை ஏழுக்கும் இந்த முறை மாலை நான்குக்கும் கொடுத்தால் மாத்திரை மாறாமலே எண் மாறும். ஒரே நேரம், முடிந்தால் ஒரே லேப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு துண்டுச் சீட்டு

நாங்கள் அவசரத்தில் 'சாப்பிட்டீங்களா?' என்று மட்டும் கேட்போம். நீங்களே எழுதி நீட்டிவிடுங்கள். அந்த அக்கா டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பயோட்டினை நிறுத்தி, மூன்று நாள் கழித்துக் காலை ஏழு மணிக்கு வந்தார். சீட்டு இப்படி இருந்தது:

கடைசிச் சாப்பாடு இரவு 8.30.
தைராய்டு மாத்திரை நேற்றுக் காலை 6, இன்று போடவில்லை.
முடி மாத்திரை மூன்று நாளாக இல்லை.

டி.எஸ்.எச். 3.8, எஃப்.டி.4 1.2 என்று வந்தது. 75 மைக்ரோகிராம் அப்படியே தொடர்கிறது. மலச்சிக்கலுக்கு டாக்டர் தனியாக மருந்து எழுதினார்.