D-க்கு நம்பர் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க: பி.ஐ. கணக்குல வர்ற தப்புங்க

நான் ட்யூஷன் எடுக்கிற எடத்துல ஒரு பொண்ணு நோட்டைக் கொண்டு வந்து நீட்டுச்சு. பி.ஐ., அதாவது பர்டிகுலர் இன்டகிரல், இந்த சமன்பாட்டுக்குப் பொருந்துற ஏதாவது ஒரு y, அதைக் கண்டுபிடிக்கணும். கணக்கு இது:

```
(D² - 3D + 2) y = x e^(3x)
```

வலது பக்கம் e^(3x) இருக்கு, அதனால D = 3 போடு, 9 - 9 + 2 = 2, பி.ஐ. = x e^(3x) / 2. ஒரே வரில முடிச்சுட்டு "ஈசிதான சார்"னு சிரிக்குது. நான் ஒண்ணும் சொல்லல, அதை அப்படியே கணக்குல திருப்பிப் போட்டுப் பாருன்னேன். போட்டா x e^(3x) வரணும்ல, வந்தது (x + 3/2) e^(3x). அந்த 3/2 எங்கேருந்து வந்துச்சுன்னு ரொம்ப நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்துச்சு.

விஷயம் என்னன்னா D நம்பரே கிடையாது, அது "டிஃபரன்ஷியேட் பண்ணு"ங்கிற கட்டளை. e^(3x) மேல D-ய விட்டா 3 e^(3x) வருது, இன்னொரு தடவ விட்டா 9 e^(3x), அதாவது அந்த ஃபங்ஷன் உருவம் மாறாம நிக்குது, முன்னாடி 3 மட்டும் பெருகிட்டே போகுது. அதனாலதான் e^(3x) தனியா நிக்கிறப்ப D = 3னு போட்டா சரியா வருது. பக்கத்துல ஒரு x வந்து ஒட்டிக்கிச்சுன்னா D அந்த x-ஐயும் டிஃபரன்ஷியேட் பண்ணும், அதுலேருந்து ஒரு துண்டு கழண்டு விழும், அந்தத் துண்டுதான் மேல பாத்த 3/2.

சரியான வழி, e^(3x)-ஐ முதல்ல வெளிய இழுத்துட்டு, உள்ள D இருக்கிற எடத்துல எல்லாம் D + 3 போடுறது. இங்கயும் பாதிப் பேரு D - 3 போட்டுடுவாங்க, வெளிய எடுத்தா கழிக்கணும்னு மனசுல ஒரு நெனப்பு. சந்தேகம் வந்தா மனப்பாடத்த நம்பாதீங்க, D(e^(3x) u) = e^(3x)(Du + 3u), ப்ராடக்ட் ரூல் ஒரு வரி, அதுலயே ப்ளஸ்தான்னு தெரிஞ்சிடும். இப்ப

```
(D+3)² - 3(D+3) + 2 = D² + 3D + 2
1/(2 + 3D + D²) x = (1/2)(1 - 3D/2 + ...) x = x/2 - 3/4
பி.ஐ. = e^(3x) (x/2 - 3/4)
```

அந்த -3/4தான் விட்டுப்போனது.

அடுத்த தப்பு பாலினாமியல் வர்றப்ப. அதே இடது பக்கத்த வச்சுக்கிட்டு வலது பக்கம் வெறும் x²னு எடுத்துக்கோங்க. கீழ இருக்கிறதுல கான்ஸ்டன்ட் 2-ஐ வெளிய எடுத்து 1/(1 - z) மாதிரி எழுதணும், z = (3D - D²)/2. x²-ஐ மூணு தடவ டிஃபரன்ஷியேட் பண்ணா ஜீரோ, அதனால D² வரைக்கும் இருந்தாப் போதும். எல்லாருக்கும் இது தெரியும், ஆனா "D² வரைக்கும்"ங்கிறத "z வரைக்கும்"னு எடுத்துக்குறாங்க, z-லயே ஒரு D² கண்ணுக்குத் தெரியுதுல்ல, போதும்னு நிப்பாட்டிடுறாங்க. z²-லயும் ஒரு 9D²/4 ஒளிஞ்சுட்டு இருக்கு, அது விட்டுப்போயிடும்.

```
1 + z + z² = 1 + 3D/2 + (-1/2 + 9/4) D² = 1 + 3D/2 + 7D²/4
பி.ஐ. = x²/2 + 3x/2 + 7/4
```

z-ஓட நிறுத்தினவங்களுக்கு கடைசில 7/4 எடத்துல -1/2 வரும். x², x டேர்ம் ரெண்டும் சரியா இருக்கிறதால பாக்குறதுக்கு நல்லாவே இருக்கும், திருப்பிப் போட்டுப் பாத்தாதான் x² - 9/2 வந்து காட்டிக்கொடுக்கும். இன்னும் சில பேரு D²-தான பெருசுன்னு அதை வெளிய எடுப்பாங்க, அப்ப உள்ள எல்லாம் 1/D, 1/D²னு நிக்கும், 1/D-ன்னா இன்டகிரேட் பண்றது, பவர் குறையாம ஏறிட்டே போகும், கணக்கு முடியவே முடியாது. எக்ஸ்பேண்ட் பண்றப்ப பவர் கம்மியான டேர்மத்தான் வெளிய எடுக்கணும்.

இப்ப கீழ ஜீரோ வர்ற கேஸ். வலது பக்கம் வெறும் e^x, D = 1 போட்டா 1 - 3 + 2 = 0. "அப்ப ஆன்சர் இல்ல"ன்னு எழுதினவங்களயும் பாத்திருக்கேன். ஜீரோ வந்தா e^x ஏற்கனவே சி.எஃப்.ல, அதாவது வலது பக்கம் ஜீரோன்னு வச்சா வர்ற காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன்ல, இருக்குன்னு அர்த்தம், அதனால பி.ஐ.க்கு கூட ஒரு x வேணும். டினாமினேட்டர மட்டும் D-ய வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணா 2D - 3, D = 1 போட்டா -1, பி.ஐ. = -x e^x. (D - 1)² மாதிரி ரெண்டு ரூட்டும் ஒண்ணா இருந்தா இத ரெண்டு தடவ பண்ணணும், வர்றது x² e^x / 2. அந்த 2-ஐ விடுறவங்கதான் ஜாஸ்தி.

ஆனா இந்த "x போட்டு கீழ டிஃபரன்ஷியேட்" வித்தைய x² e^x மாதிரி கணக்குல கொண்டு போய் மாட்டாதீங்க. மாட்டினா -x³ e^x வரும், தப்பு. ஜீரோ வந்தாலும் வராட்டியும் பாலினாமியல் கூட இருந்தா D + 1 வழிதான்:

```
(D+1)² - 3(D+1) + 2 = D² - D = -D(1 - D)
-(1/D)(1 + D + D²) x² = -(1/D)(x² + 2x + 2)
பி.ஐ. = -e^x (x³/3 + x² + 2x)
```

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. இதே கணக்க D³ வரைக்கும் எக்ஸ்பேண்ட் பண்ணி, 1/D-ய உள்ள பெருக்கி 1/D + 1 + D + D²னு ஆக்கிட்டுப் போட்டா கடைசில ஒரு -2 e^x கூட வரும். பசங்க ஆன்சர் கீல அது இல்லன்னதும் எல்லாத்தையும் அடிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. தேவையே இல்ல, e^x சி.எஃப்.ல C1 e^xனு நிக்குது, அந்த -2 அதுலயே கரைஞ்சு போயிடும், ரெண்டு ஆன்சரும் சரி. ரெண்டு பி.ஐ.யையும் கழிச்சுப் பாருங்க, மிச்சம் சி.எஃப்.ல இருக்கிற டேர்மா மட்டும் இருந்தா பேனாவ மூடிடலாம்.

கடைசியா ஒண்ணு. D-ய அல்ஜீப்ரா மாதிரி பெருக்கலாம் பிரிக்கலாம்ங்கிறது 1844லயே ஜார்ஜ் பூல் விரிவா எழுதின சங்கதிதான், ஆனா நாம மேல பண்ண மாதிரி ஃபேக்டர் பிரிச்சு வரிசை மாத்தி விளையாடுறது எல்லாம் கோஎஃபிஷியன்ட் கான்ஸ்டன்டா இருக்கிற வரைக்கும்தான். y-க்கு முன்னாடி x வந்துட்டா x-உம் D-யும் எடம் மாத்திக்காது. (D - x)(D + x)-ஐ D² - x²னு எழுதிப் பாருங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா y மேல விட்டுப் பெருக்கினா y'' + y - x² y வருது, நடுவுல வந்த அந்த y, D போயி x-ஐ டிஃபரன்ஷியேட் பண்ணதுல விழுந்தது. அந்தப் பொண்ணுக்கு வந்த 3/2-உம் இதே மாதிரி விழுந்ததுதான்.