கடன் மதிப்பெண் மாதிரிக்கு உள் ஆய்வு ஆவணம் எழுதுவது எப்படி: சிபில் வரலாறு இல்லாதவர்களை முன்வைத்து ஒரு செய்முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளுக்கும் ஏற்காட்டின் சிறு காப்பித் தோட்டங்களுக்கும் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான் முதன்முதலாக ஒரு மாதிரிக்கு ஆவணம் எழுதியபோது, உள் ஆய்வுக் குழு அதை ஒரே கேள்வியுடன் திருப்பி அனுப்பியது: "சிபில் மதிப்பெண் -1 என்று வந்த விண்ணப்பங்களை என்ன செய்தீர்கள்?" அதற்கான பதில் என் நிரலில் இருந்தது, ஆவணத்தில் இல்லை. ஆய்வாளர் நம்மைக் கேட்காமலேயே அதே தரவிலிருந்து அதே எண்ணை வருவித்துக்கொள்ள முடிந்தால்தான் ஆவணம் முடிந்தது என்று கொள்ளலாம். அதை எப்படி எழுதுவது என்பதை இந்த -1 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

கீழே இருப்பது, கடன் கெடும் நிகழ்தகவை p ஆகத் தரும், மூன்று மாறிகள் கொண்ட ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் மாதிரி. எளிதாக விளங்குவதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

```
z = -3.4 + 0.6*bounce_6m + 0.9*no_history - 0.5*score_c
score_c = (cibil - 700)/50    # no_history = 1 எனில் 0
p = 1/(1 + exp(-z))
```

படி 1: எதைக் கணிக்கிறோம், எந்த நாட்களின் தரவில்?

"கடன் கெட்டுப்போவது" என்று எழுதினால் போதாது. கடன் வழங்கிய 12 மாதங்களுக்குள் ஏதேனும் ஒரு தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் 1, இல்லையெனில் 0 என்று அளவோடு எழுத வேண்டும்.

தரவின் தொடக்க நாளுக்கும் காரணம் வேண்டும். 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி அவகாசம் அளிக்க அனுமதித்திருந்ததால், அந்த ஆறு மாதங்களில் வங்கிக் கணக்கில் பணமின்றித் தவணை திரும்பாமல் இருந்தது கடனாளியின் ஒழுங்கைக் காட்டாது. நம் bounce_6m மாறி, கடன் வழங்குவதற்கு முந்தைய 6 மாதங்களில் தவணை எத்தனை முறை திரும்பியது என்று எண்ணுகிறது. ஆகவே 2021 மார்ச் முதல் வழங்கிய கடன்களுக்கே அந்த எண்ணிக்கை முழுதும் அவகாசக் காலத்துக்கு வெளியே விழும். "2021 மார்ச் முதல் 2022 டிசம்பர் வரை வழங்கிய கடன்கள்" என்று எழுதி, இந்தக் காரணத்தையும் உடன் எழுதிவிட்டால் ஆய்வாளரின் ஒரு வாரம் மிச்சமாகும்.

படி 2: மாறிகள்

ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அது எந்த அமைப்பிலிருந்து வருகிறது, கடன் முடிவெடுக்கும் நாளில் அது நம் கையில் இருந்ததா, அது கூடினால் அபாயம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா, அது இல்லாதபோது என்ன இடுகிறோம் என்பவற்றை அதில் சொல்லுங்கள். பலரும் கடைசிக் கேள்வியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். இதுவரை எங்கும் கடன் வாங்காதவருக்கு மதிப்பெண்ணுக்குப் பதிலாக -1 என்ற குறியீடு வரலாம். அது மிகக் குறைந்த மதிப்பெண் அன்று; மதிப்பெண் இல்லை என்பதற்கான அடையாளம். எனவே no_history என்ற தனி மாறியை 1 ஆக்கி, score_c-ஐ 0 ஆக்குகிறோம். கட்ட வேண்டிய தவணையே இல்லாததால் bounce_6m-உம் 0 ஆக உள்ள அத்தகைய விண்ணப்பதாரருக்கு z = -3.4 + 0.9 = -2.5, நிகழ்தகவு ஏறத்தாழ 7.6 சதவீதம்.

கிளையில் ஓடும் நிரலில் score_c-ஐ 0 ஆக்கும் வரி விடுபட்டால் score_c = -14.02 ஆகிவிடும். அப்போது z = 4.51, நிகழ்தகவு 98.9 சதவீதம். நல்ல பட்டறைக்காரர் ஒருவர் காரணமே தெரியாமல் நிராகரிக்கப்படுவார். மாதிரியை உருவாக்கும்போதே, no_history மாறியும் இல்லாமல், இந்தத் தவறு நேர்ந்தால் விளைவு வேறு: -1 என்ற தொலைதூரப் புள்ளிகள் கோட்டைத் தம் பக்கம் இழுத்து, சிபில் மதிப்பெண்ணின் கெழுவைச் சுழியத்தை நோக்கித் தள்ளும். இதைக் கண்டுகொள்ள, ஒவ்வொரு மாறியின் குறைந்த, நடு, அதிக மதிப்புகளை ஆவணத்தில் அச்சிட்டால் போதும். 300-க்குக் கீழே ஓர் எண் நின்றால் கண்ணில் பட்டுவிடும். மேலே செய்ததைப் போன்ற இரண்டு மூன்று கைக்கணக்குகளையும் சேருங்கள். ஆய்வாளர் நிரலின் விடையை அவற்றோடு ஒப்பிடுவார்.

படி 3: அனுமானங்கள்

"மாறிகளுக்கும் லாக்-ஆட்ஸுக்கும் நேர்கோட்டு உறவு இருக்கிறது" என்று பாடநூல் வரியைப் படியெடுத்து வைப்பதில் பயனில்லை. நம் மாதிரியில் அதன் பொருள் என்ன என்று எழுதுங்கள்: தவணை ஒருமுறை கூடுதலாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும், கெடும் வாய்ப்புக்கும் கெடாத வாய்ப்புக்கும் உள்ள விகிதமான ஆட்ஸ் 1.82 மடங்காகிறது, 0-லிருந்து 1-க்குப் போனாலும் 3-லிருந்து 4-க்குப் போனாலும் அதே மடங்கு. உண்மையில் அப்படித்தானா என்பதை 0, 1, 2, 3 என்ற ஒவ்வொரு குழுவிலும் கெட்ட கடன்களின் விகிதத்தையும் வைத்துக் காட்ட வேண்டும்.

இதைவிட ஆழமான அனுமானம் ஒன்று உண்டு. தவணை திரும்புவது மலையிலும் நகரிலும் ஒரே பொருளைத் தருகிறது என்று இந்த மாதிரி தன்னை அறியாமல் கொள்கிறது. சேர்வராயன் மலையில் காப்பிப் பறிப்பு பெரும்பாலும் நவம்பர் வாக்கில் தொடங்குவதால், தோட்டக்காரர் கையில் பணம் அதற்குப் பிறகே வரும். செப்டம்பரில் தவணை திரும்பினால் அது கையில் பணமில்லாத பருவத்தைக் காட்டலாம், கட்ட மனமில்லாததை அன்று. கொலுசுப் பட்டறைக்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஏற்காடு என்ற அடையாளத்தை bounce_6m உடன் பெருக்கி ஒரு மாறியாகச் சேர்த்துச் சோதித்து, அதன் கெழுவையும் அதன் நம்பக வரம்பையும் ஆவணத்தில் தருக. ஏற்காட்டுக் கடன்கள் குறைவாக இருந்து வரம்பு அகலமாக வந்தால், வேறுபாடு இல்லை என்று எழுதக் கூடாது. இத்தரவால் தீர்மானிக்க முடியவில்லை என்றே எழுத வேண்டும்.

நாம் மறுத்த விண்ணப்பங்களின் முடிவு நமக்குத் தெரியாது என்பதையும் இங்கேயே பதிவு செய்யுங்கள். அங்கீகரித்தவர்களிடமிருந்து மட்டுமே மாதிரி கற்றிருக்கிறது.

படி 4: சரிபார்ப்பு

ஒரே காலத்தின் தரவைக் கலைத்து இரண்டாகப் பிரித்தால் சோதனை எளிதாகிவிடும். 2023-இல் வழங்கிய கடன்களை ஒதுக்கி வைத்து, 2024 டிசம்பர் வரை அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். ஏயூசி 0.74 என்றால் கினி 0.48 (2 × 0.74 − 1); கெடும் கடன்களை நல்ல கடன்களுக்கு மேலே வரிசைப்படுத்தும் திறனை இது சொல்கிறது. ஆனால் அளவு சரியா என்பதை இது சொல்வதில்லை. எல்லா நிகழ்தகவுகளையும் பாதியாக்கினாலும் ஏயூசி மாறாது.

ஆகையால் குழு வாரியாக எண்ணிப் பாருங்கள். வரலாறு இல்லாத 400 பேருக்குச் சராசரி நிகழ்தகவு 8 சதவீதம் எனில் 32 கடன்கள் கெட வேண்டும். கெட்டவை 44 என்று வைத்துக்கொள்வோம். தற்செயலான விலகலின் அளவு √(400 × 0.08 × 0.92), அதாவது சுமார் 5.4. வித்தியாசமான 12 அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு; இந்தக் குழுவின் அபாயத்தை மாதிரி குறைத்துக் காட்டுகிறது என்று ஆவணம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

படி 5: கண்காணிப்பு

முடிவு தெரிய 12 மாதங்கள் ஆகும் என்பதால், முதலில் கவனிக்க வேண்டியது வருகிறவர்களின் கலவை. மாதிரி உருவானபோது வரலாறு இல்லாதவர்கள் 20 சதவீதம். மலையில் புதுக் கிளை திறந்தபின் 35 சதவீதம் எனக் கொள்வோம். கலவை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை PSI என்ற அளவு காட்டும்.

```
PSI = (0.35-0.20)*ln(0.35/0.20) + (0.65-0.80)*ln(0.65/0.80)
    = 0.084 + 0.031 = 0.115
```

வழக்கில் 0.10-க்கு மேல் இருந்தால் விசாரிக்க வேண்டும் என்றும், 0.25-க்கு மேல் இருந்தால் மாதிரியை மறுபரிசீலிக்க வேண்டும் என்றும் கொள்கிறார்கள். அவை அனுபவ எல்லைகளே. ஆனாலும் நம் குழுவில் படி 4 ஏற்கெனவே குறை காட்டியிருப்பதால், 0.115 இங்கே சிறிய எண் அன்று. இதனுடன், முதல் 3 தவணைகளுக்குள் 30 நாள் தாமதமானவர்களின் விகிதத்தை மாதந்தோறும் சேலம், ஏற்காடு என்று தனித்தனியே எடுக்கலாம். ஒவ்வோர் எல்லைக்கும் எதிரே அதைப் பார்ப்பவரின் பதவியையும், எல்லை மீறப்பட்டால் எத்தனை நாளில் யாருக்கு எழுத வேண்டும் என்பதையும், அதுவரை வரலாறு இல்லாதவர்களின் விண்ணப்பங்களை மேலாளர் நேரில் பார்த்து முடிவெடுப்பாரா என்பதையும் எழுதி முடியுங்கள்.