விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, ஆனாலும் கணக்கில் வரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னந்தோப்பில் வரும் பணத்துக்கு வருமான வரி கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டும் உண்மைதான். ஆனால் சம்பளமும் தோப்பும் ஒரே ஆளிடம் இருந்தால், 10 லட்சம் சம்பளத்துக்கே வரி கட்ட நேரலாம். இது பலருக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. சிலருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் தவறுகளில் பாதி தானே நீங்கிவிடும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, வருமான வரி விதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கும்போதே விவசாய வருமானத்தை அதிலிருந்து எடுத்துவிட்டு, அதை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால்தான் 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்தை மொத்த வருமானத்தில் சேர்ப்பதில்லை. இதில் ஒரு நியாயக் கேள்வி எழுந்தது. ஒருவருக்கு 10 லட்சம் சம்பளம் மட்டும் இருக்கிறது. இன்னொருவருக்கு அதே சம்பளத்தோடு தோப்பிலிருந்து 6 லட்சமும் வருகிறது. இருவருக்கும் வரி கட்டும் சக்தி ஒன்றா? 1972இல் கே.என். ராஜ் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்து, விவசாய வருமானத்துக்கு வரி விதிக்காமல், மற்ற வருமானத்துக்கான விகிதத்தை முடிவு செய்ய மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த முறையைக் கொண்டுவந்தது. இன்றுவரை அது தொடர்கிறது.

முறையின் சாரம் இவ்வளவுதான்: குறைந்த விகிதம் உள்ள கீழ்ப் படிகளில் விவசாய வருமானம் முதலில் அமர்ந்துகொள்கிறது; சம்பளம் அதற்கு மேலே உள்ள படிகளுக்குத் தள்ளப்படுகிறது. வரி சம்பளத்துக்கு மட்டும்தான், ஆனால் உயர்ந்த படியின் விகிதத்தில். இது தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம் போன்றோருக்கு மட்டுமே பொருந்தும். நிறுவனங்களுக்கும் கூட்டு வணிக நிறுவனங்களுக்கும் பொருந்தாது. தனிநபருக்கும்கூட இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேற வேண்டும். செலவு போக விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்ட வேண்டும். புதிய முறையில் அந்த வரம்பு 4 லட்சம். ஓய்வு பெற்ற ஒருவருக்கு வங்கி வைப்பு வட்டி 3 லட்சமும் வயலில் 20 லட்சமும் வந்தால், வரி எதுவும் இல்லை. மற்ற வருமானமே வரம்புக்குள் இருப்பதால் அதற்கு விகிதம் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வைத்திருக்கும் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு 2025-26. சம்பளம் 10,75,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 10 லட்சம். தோப்பில் தேங்காய் விற்று வந்தது 9 லட்சம். செலவு 3 லட்சம். மிச்சம் 6 லட்சம்.

முதல் படி, இரண்டையும் கூட்டி 16 லட்சத்துக்கு வரி பார்ப்பது. முதல் 4 லட்சத்துக்கு இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 15 சதவீதம், 60,000. ஆக 1,20,000. இரண்டாம் படி, விவசாய வருமானம் 6 லட்சத்தோடு அடிப்படை விலக்கு 4 லட்சத்தைக் கூட்டி, 10 லட்சத்துக்கு வரி பார்ப்பது. அது 40,000. மூன்றாம் படி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. மிச்சம் 80,000. தோப்பே இல்லாமல் இருந்தால் இவருடைய வரி 40,000 ஆக இருந்திருக்கும். அதையும், 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியைக் குறைத்துத் தரும் 87ஏ பிரிவின் தள்ளுபடி துடைத்துவிட்டிருக்கும்.

பெரும்பாலான தவறுகள் இதற்குப் பிறகுதான் நடக்கின்றன. தள்ளுபடியில் மூன்று விதமாகக் கோட்டை விடுகிறார்கள். ஒருவர், “சம்பளம் 12 லட்சத்துக்குள்தானே, வரியே இல்லை” என்று விட்டுவிடுகிறார். இன்னொருவர், “இரண்டும் சேர்ந்து 16 லட்சம் ஆகிவிட்டது, தள்ளுபடி கிடைக்காது” என்று முடிவு கட்டி 80,000 ரூபாயும் செஸ்ஸும் சேர்த்து 83,200 கட்டத் தயாராகிறார். மூன்றாமவர், “12 லட்சம்தான் இப்போது விலக்கு” என்று நம்பி, இரண்டாம் படியில் 4 லட்சத்துக்குப் பதிலாக 12 லட்சத்தைக் கூட்டுகிறார். 18 லட்சத்துக்கு வரி 1,60,000 வரும். அதை 1,20,000இலிருந்து கழித்தால் எதிர்மறை எண். கழிக்கும் தொகை முதல் தொகையை விடப் பெரிதாக வந்தால், எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று அங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சரியான விடை வேறு. தள்ளுபடிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும்போது விவசாய வருமானம் சேராது, ஏனெனில் அது விலக்கு பெற்ற வருமானம். எனவே 10 லட்சத்தை வைத்துப் பார்த்தால் தகுதி உண்டு. ஆனால் தள்ளுபடியின் உச்ச அளவு 60,000 ரூபாய். விவசாய வருமானம் இல்லாதவருக்கு 12 லட்சத்துக்கான வரி சரியாக 60,000 என்பதால் அந்த உச்ச அளவு கண்ணில் படுவதே இல்லை. நம் தோப்புக்காரருக்கு வரி 80,000. அதில் 60,000 போக 20,000. நான்கு சதவீத செஸ் 800. மொத்தம் 20,800 ரூபாய். இதே தோப்போடு சம்பளம் கழிவு போக 8 லட்சமாக இருந்திருந்தால் வித்தியாசம் 50,000தான் வந்திருக்கும். தள்ளுபடியே அதை முழுவதும் ஏற்றுக்கொண்டிருக்கும். ஆகவே இந்த இடத்தில் ஊகம் உதவாது, கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

விற்ற பணம் முழுவதும் வருமானம் அல்ல

இன்னொரு தவறு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, ஏனெனில் இதில் நஷ்டப்படுபவர் நேர்மையாக எழுதியவர். வியாபாரி வங்கியில் போட்ட 9 லட்சத்தை அப்படியே விவசாய வருமானம் என்று காட்டிவிடுகிறார். வரி இல்லாத வருமானம்தானே, செலவை எதற்கு எழுதுவது என்ற எண்ணம். முன்பு போட்ட கணக்கில் 6 லட்சத்துக்குப் பதில் 9 லட்சத்தை வையுங்கள். 19 லட்சத்துக்கு வரி 1,80,000, 13 லட்சத்துக்கு 75,000, வித்தியாசம் 1,05,000. தள்ளுபடி போக 45,000, செஸ்ஸோடு 46,800. செலவை எழுதாத ஒரே காரணத்துக்காக 26,000 ரூபாய் கூடுதல். மரமேறும் கூலி, மட்டை உரிக்கும் கூலி, உரம், உழவு, மோட்டார் பழுது, பயிர்க் கடன் வட்டி, குத்தகை என்று சாகுபடிக்காக உண்மையில் செலவழித்ததை எல்லாம் கழிக்கலாம். வீட்டார் உழைப்புக்கு நீங்களாக ஒரு கூலி போட்டுக் கழிக்க முடியாது. ஓர் ஆண்டு நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்கவும் வழியில்லை. ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகள் வரை விவசாய வருமானத்திலேயே கழித்துக்கொள்ளலாம். அதற்காகவாவது நஷ்ட ஆண்டின் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும்.

நிலத்தில் நடப்பதெல்லாம் விவசாயமும் அல்ல. பால் விற்பனை, கோழிப் பண்ணை, மீன் வளர்ப்பு ஆகியவை வரிக்கு உட்பட்ட வருமானம். தோப்பில் கைப்பேசிக் கோபுரம் நிற்க வரும் வாடகையும், தேங்காய்ப் பணத்தை வங்கியில் போட்டதற்கு வரும் வட்டியும் அப்படியே. ஆனால் சாகுபடிக்காக நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாங்கும் தொகை விவசாய வருமானம்தான். தேயிலையைத் தானே வளர்த்துத் தானே பதப்படுத்தி விற்பவருக்கு 40 சதவீதம் வரிக்கு உட்பட்டது, 60 சதவீதம் விவசாயம் என்று விதியே பிரித்துக் கொடுத்திருக்கிறது.

படிவத்தில் எங்கே சறுக்குகிறது

சம்பளக்காரர் வழக்கமாக ITR-1 நிரப்பிப் பழகியிருப்பார். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் செல்லாது. தொழில் வருமானம் இல்லாதவர் ITR-2க்குப் போக வேண்டும். அதில் Schedule EI என்ற பகுதியில் மொத்த வரவு, செலவு, முந்தைய நஷ்டம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கும். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் இருக்கும் மாவட்டமும் அஞ்சல் குறியீடும், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் கேட்கும்.

நிரப்பி முடித்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். Part B-TI பகுதியில் Net agricultural income என்று தொடங்கும் வரியில் உங்கள் 6 லட்சம் வந்திருக்க வேண்டும். Part B-TTI பகுதியில் Rebate on agricultural income என்ற வரியில் இரண்டாம் படியில் நாம் கண்ட 40,000 இருக்க வேண்டும். முதல் இடம் வெறுமையாக இருந்தால், விலக்குப் பெற்ற பிற வருமானத்தின் கட்டத்தில் தவறுதலாகப் போட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம்.

பணம் கட்டும் நேரமும் முக்கியம். அலுவலகம் தோப்பை அறியாமல் 10 லட்சத்தை மட்டும் பார்த்து, வரி பிடிக்கத் தேவையில்லை என்று விட்டிருக்கும். பிடித்தம் போக மீதமுள்ள வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் முன்கூட்டிய வரி கட்டியாக வேண்டும்; அதற்கான கடைசித் தவணை மார்ச் 15. தவறினால் மாதம் ஒரு சதவீதம் என்று வட்டி ஏறும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை.

சிட்டா, அடங்கல், வியாபாரி கொடுத்த ரசீது, கூலி எழுதிய நோட்டு, உரக்கடை பில் ஆகியவற்றை ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருங்கள். அடங்கலில் இருக்கும் பயிரும் ரிட்டர்னில் காட்டிய விவசாய வருமானமும் ஒத்துப்போக வேண்டும். வேறு எங்கிருந்தோ வந்த பணத்தைச் சிலர் விவசாயம் என்று எழுதுவதால்தான் அதிகாரி முதலில் அடங்கலைக் கேட்கிறார். 2025-26 ஆண்டுக் கணக்கில் விளக்கம் சொல்ல முடியாத தொகைக்கு 60 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதம் போய்விடும்.