பிரஷர் மாத்திரையால் பகலில் தூக்கமா? திடீரென நிறுத்தாதீர்கள்

குளோனிடின் பிரஷரைக் குறைக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை இல்லை. ஆனால் அதைச் சாப்பிடும் பலருக்குப் பகலிலேயே கண் சொக்குகிறது, வாய் உலர்ந்துபோகிறது. மருந்து மூளைத்தண்டில் வேலை செய்வதுதான் காரணம். இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்கிவிடும் நரம்புகளை அது அடக்குகிறது. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பகுதியும் கூடவே அடங்கிவிடுகிறது.

பலர் இதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரை தொடங்கிய தேதியையும் சோர்வு தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னொரு தவறு ஆபத்தானது. ஒருவர் 100 மைக்ரோகிராம் குளோனிடினைத் தினம் மூன்று வேளை பல மாதங்களாகச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் தூங்கி வழியக்கூடாதே என்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. சனிக்கிழமை நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது. பிரஷர் பார்த்தால் 200-ஐத் தாண்டி நிற்கிறது. இத்தனை நாள் அடக்கி வைத்த நரம்புகள் ஒரேயடியாக விடுபட்டதன் விளைவு இது. அளவு கூடக்கூட இந்த அபாயமும் கூடும். அந்த நிலையில் வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பகல் தூக்கத்தை மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு வழிகள் உண்டு. பகல் வேளை அளவைக் குறைத்து இரவில் கூட்டலாம். வேறு மருந்துக்கு மாற்றுவதானால் குளோனிடினைப் பல நாட்களில் படிப்படியாகக் குறைப்பார். கூடவே இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் சாப்பிடுகிறவருக்கு வரிசை முக்கியம்: முதலில் பீட்டா பிளாக்கரை மெல்ல நிறுத்தி, சில நாள் கழித்துத்தான் குளோனிடினைக் குறைக்கத் தொடங்குவார்கள். மாற்றிச் செய்தால் பிரஷர் இன்னும் மோசமாக ஏறும்.

பீட்டா பிளாக்கர் தரும் அசதி கொஞ்சம் வேறு மாதிரி. இதயத்துடிப்பு குறைவதால் மாடிப்படி ஏறும்போது கால் கனக்கும். புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் மூளைக்குள் எளிதாகப் போவதால் சிலருக்குக் கெட்ட கனவும் வரும். அட்டெனலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது; சிறுநீரகம் பழுதானவருக்கு உடம்பில் தேங்கிவிடும். அசதியாக இருக்கும்போது மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கம் வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். இதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது, இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி திரும்பலாம்.

அப்புறம், சளிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் செட்டிரிசின். குளோனிடினோடு சேர்ந்தால் தூக்கம் இன்னும் கூடலாம். அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள்.