ஏறினது நோகாது, இறங்கினதுதான் நோகும்: தசை உளைவில் நாம் விடும் பிழைகள்

கிரானுக்கு அப்பால் இருக்கும் குடும்பிமலையில் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை ஏறினார்கள். ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. இறங்கும்போது பாட்டும் பகிடியும்தான். ஞாயிறு காலை தொடையில் லேசான இறுக்கம், அவ்வளவே. திங்கட்கிழமைதான் கூத்து. மேல்மாடியிலிருந்து நண்டு மாதிரிப் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவன் கதிரையில் உட்காரும்போது கடைசி நாலு அங்குலத்தைத் தொப்பென்று விழுந்துதான் கடந்தான்.

"லக்டிக் அமிலம் தேங்கிட்டுது சேர்" என்றான் அவன். உயிரியல் படிக்கிறவன் இதைச் சொன்னதுதான் எனக்குக் கவலை. மற்றப் பிழைகள் எல்லாம் இந்த ஒரு பிழையிலிருந்துதான் கிளைக்கின்றன.

கடும் பயிற்சியில் உண்டாகும் லக்டிக் அமிலம் உடம்பில் லக்டேற்றாகத்தான் இருக்கிறது. அந்த லக்டேற்று ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். உளைவோ 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. 1983 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிலரைச் சமதளத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். லக்டேற்று ஏறியது, பிறகு பெரிதாக உளையவில்லை. சரிவில் கீழ்நோக்கி ஓடியபோது லக்டேற்று ஏறவில்லை, ஆனால் உளைந்தது. குடும்பிமலையிலும் அதே கதைதான். மூச்சு வாங்கியது ஏற்றத்தில், நோ வந்தது இறக்கத்தால்.

இறங்கும்போது முன்தொடைத் தசை பிரேக் பிடிக்கிறது. சுருங்க முயன்றுகொண்டே உடற்பாரத்தால் நீட்டப்படுகிறது. அப்போது குறைந்த எண்ணிக்கையான நார்களே பாரத்தைத் தாங்குவதால், நாருக்குள் வரிசையாக இருந்து சுருங்கும் சிறு அலகுகளான தசைப்பாத்துகளில் சில அளவுக்கு மீறி இழுபட்டு அவற்றின் ஒழுங்கு குலைகிறது. அதைச் சீர்செய்ய உடம்பு அழற்சியை உண்டாக்க, அந்த இடத்து நோவுணரும் நரம்பு முனைகள் கூருணர்வு அடைகின்றன. அதனால்தான் சும்மா இருந்தால் நோகாத தொடை, விரலால் அழுத்தினால் சுள்ளென்கிறது.

அமிலம் என்று நம்புகிறவன் அதைக் "கரைக்க" மறுநாளே முழு வேகத்தில் ஓடுவான். உளைவுள்ள தசையின் பலம் சில நாட்களுக்குக் குறைந்திருக்கும். வேக ஓட்டமும் பாய்ச்சலும் அதற்குப் பொருந்தாது. இன்னொருவன் முன்னும் பின்னும் தசையை இழுத்து நீட்டுவான். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதனால் குறையும் உளைவு உணரமுடியாத அளவு. எண்ணெய் பூசி மெதுவாக உருவினால் கொஞ்சம் சுகம் கிடைக்கும். ஆனால் பாட்டி சொன்னாள் என்று நோகிற இடத்தை முழங்கையால் நசுக்க வேண்டாம். குளிர்நீரில் இருப்பதும் சிலருக்கு உதவும். இளக்கமான நடையோ சைக்கிளோ உளைவை அந்நேரத்துக்குத் தணிக்கும். நின்றதும் நோ திரும்பி வரும், பயப்படத் தேவையில்லை. மீதி வேலையைக் காலம்தான் செய்யும். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் சரியாகிவிடும்.

மாத்திரையில்தான் நம்மூர்ப் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். மட்டக்களப்பில் மழைக்குப் பிறகு டெங்கு வரும் காலத்தில், காய்ச்சலோடு வரும் உடல் நோவை விளையாட்டு உளைவு என்று எண்ணி டைக்ளோபினாக், இபுபுரோபன், அஸ்பிரின் போடக்கூடாது. இரத்தக்கசிவு ஆபத்து கூடும். உளைவு காய்ச்சலைத் தராது. காய்ச்சல் இருந்தால் அளவறிந்து பரசிற்றமோல், பிறகு வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை.

இன்னும் இரண்டு அடையாளங்கள். ஓடும்போதே 'டக்'கென்று ஒரே இடத்தில் வந்த நோ உளைவல்ல, தசை கிழிந்திருக்கலாம். தசை வீங்கி இறுகி, சிறுநீர் பால் கலக்காத தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

அப்போ உண்மையில் உதவுவது என்ன? முற்கூட்டியே கொஞ்சம் இறங்கிப் பழகுவது. ஒரு தடவை சிறிதாக உளைந்த தசை, அதே வேலைக்குப் பல வாரங்கள் பாதுகாப்போடு இருக்கும். அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பாடசாலைப் படிக்கட்டில் வேலை வைத்தேன். முதல் நாள் மாடியிலிருந்து ஐந்து தடவை, ஒவ்வொரு படியிலும் மெதுவாக இறங்கினார்கள். மூன்று நாள் விட்டு எட்டு. பிறகு பன்னிரண்டு. கடைசி நான்கு நாள் ஓய்வு. முதல் தடவைக்குப் பிறகு லேசாக உளைந்தது, "இதுக்கா சேர் இவ்வளவு?" என்று முணுமுணுத்தார்கள். மலைக்குப் போய் வந்த திங்கட்கிழமை, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தவர்களை நான் கீழே நின்று எண்ணினேன். அந்தப் பயிற்சிக்கு வராத இரண்டு பேர் மட்டும் நண்டு நடை.