பத்தமடைப் பாயும் இரண்டு கடிதங்களும்: சட்டச் சிக்கல் வினா அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்ட மாணவர்களுக்குச் சிக்கல் வினா அமைப்பவர் பெரும்பாலும் செய்யும் தவறு, மாணவர் கண்டுபிடிக்க வேண்டியதைத் தாமே சொல்லிவிடுவதுதான். பாளையங்கோட்டையில் சில மாணவர்களுக்காக, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 குறித்து நான் ஒருமுறை எழுதிய வினா இது: “பத்தமடைப் பாய் வியாபாரி இசக்கி, 200 பாய்களைப் பாய் ஒன்று 450 ரூபாய் வீதம் தருவதாகப் பாளையங்கோட்டைப் பிச்சைக்கு முன்மொழிந்தார். பிச்சை அதை ஏற்றுக்கொண்டார். பின்னர் இசக்கி சட்டத்துக்கு முரணாக அதைத் திரும்பப் பெற்றார். பிச்சைக்குரிய தீர்வு யாது?” வந்த விடைகள் எல்லாம் ஒன்றுபோல, 73ஆம் பிரிவின்படி இழப்பீடு கிடைக்கும் என்ற அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டன. மாணவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ‘முன்மொழிந்தார்’, ‘ஏற்றுக்கொண்டார்’, ‘முரணாக’ என்ற மூன்று சொற்களும் நிகழ்வுகள் அல்ல, தீர்ப்புகள். எழுவினாவை அவையே விழுங்கிவிட்டன.

எவர், எப்போது, எந்தச் சொற்களில், என்ன செய்தார் என்பதை மட்டும் வைத்து அதே வினாவைத் திருத்தி எழுதினேன். “மார்ச் 1 அன்று இசக்கி அனுப்பிய கடிதம் 3ஆம் தேதி பிச்சைக்குக் கிடைத்தது. ‘200 பாய்கள் தருகிறேன், ஒன்று 450 ரூபாய்’ என்று அதில் எழுதியிருந்தது. 4ஆம் தேதி காலை 9 மணிக்கு இசக்கி, ‘கோரை விலை ஏறிவிட்டது, அந்த விலைக்குத் தர இயலாது’ என்று இன்னொரு கடிதத்தை அஞ்சலில் சேர்த்தார். அன்றே 11 மணிக்குப் பிச்சை, ‘உங்கள் விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், வண்டி வாடகையை நீங்களே பார்த்துக்கொண்டால் நன்றாயிருக்கும்’ என்று எழுதி அஞ்சலில் சேர்த்தார். இசக்கியின் இரண்டாம் கடிதம் 6ஆம் தேதியும் பிச்சையின் கடிதம் 7ஆம் தேதியும் உரியவர்களுக்குக் கிடைத்தன. இசக்கி பாய்களைத் தர மறுக்கிறார். பிச்சைக்கு ஆலோசனை கூறுக.”

அடுத்த தவறு, முடிவைத் தீர்மானிக்கும் தேதியை விட்டுவிடுவது. 4ஆம் பிரிவின்படி, ஏற்பைத் தெரிவித்தல் என்பது ஏற்பவரின் கைக்கு எட்டாதபடி அஞ்சலில் சேர்ந்தவுடனேயே முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை நிறைவடைந்துவிடுகிறது; திரும்பப் பெறுதலோ, எவருக்கு அனுப்பப்பட்டதோ அவர் அறியும்போதுதான் அவரைப் பொறுத்தவரை நிறைவடைகிறது. ஏற்பு இவ்வாறு நிறைவடையும் முன்னரே முன்மொழிவைத் திரும்பப் பெற வேண்டும் என்பது 5ஆம் பிரிவு. ஆகவே 4ஆம் தேதி நிறைவடைந்த ஏற்பை, 6ஆம் தேதி தெரியவந்த மறுப்பால் கலைக்க முடியாது. அந்த 6ஆம் தேதியை நான் எழுத மறந்திருந்தால் வினாவுக்கு விடையே இல்லை. 9 மணி, 11 மணி என்ற விவரம் முடிவை மாற்றாது. முதலில் அஞ்சலில் சேர்த்தவரே வெல்வார் என்று எண்ணுபவரை இனங்காண அதை வேண்டுமென்றே வைத்தேன். ஆனால், பிச்சையின் மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவது வெறும் பாரம்.

வண்டி வாடகை வரியில்தான் வினாவின் உயிர் இருக்கிறது. ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. ‘நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அது எதிர் முன்மொழிவு, வாதத்துக்கு இடமில்லை. ‘வாடகை நான் தருகிறேன்’ என்றாலும் இடமில்லை. ‘நன்றாயிருக்கும்’ என்பது வெறும் வேண்டுகோளா, நம் பக்கத்தில் நயமாகக் கேட்பவர்கள் நிபந்தனையை வைக்கும் விதமா என்று இரு பக்கமும் வாதிடலாம். ஒரு வினாவில் இப்படி ஓரிடமாவது இருக்க வேண்டும். ஐந்து இடம் வைத்தால் எதையும் ஆழமாக எழுத நேரம் போதாது.

கடிதம் பழசாகத் தெரிகிறதே என்று அதை எடுத்துவிட்டுத் தொலைபேசியை வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அனுப்புவதற்கும் அறிவதற்கும் இடையிலுள்ள இடைவெளி மறைந்து, சோதிக்க நினைத்த எழுவினாவும் போய்விடும். தொலைபேசியில் ஏற்பு எங்கே கேட்கப்படுகிறதோ அங்கேதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அது நீதிமன்ற அதிகார வரம்பு பற்றிய வேறு வினாவுக்கு ஏற்றது. இங்கிலாந்துப் பாடநூல் வினாவை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி எடுப்பதும் ஆபத்துதான். நம் சட்டத்தில் பிச்சை 6ஆம் தேதி தொலைபேசியில் அழைத்துத் தம் ஏற்பையே திரும்பப் பெறலாம், ஏனெனில் அவருடைய கடிதம் அன்றுவரை இசக்கியைச் சேரவில்லை. இங்கிலாந்து நூலின் விடைக்குறிப்பை நம்பித் திருத்துபவர் இதைத் தவறென்று அடித்துவிடக்கூடும்.

பெயர்களிலும் கவனம் தேவை: சுடலைமுத்து, சுடலைமணி, சுடலையாண்டி என்று நம் ஊர் வழக்கப்படியே மூவரை ஒரே வினாவில் நிறுத்தியதில், எவர் எவருக்குக் கடிதம் போட்டார் என்று நானே விடைத்தாளில் குழம்பியிருக்கிறேன்.

வினாவை வெளியிடுமுன் விடையை நானே முழுதாக எழுதிப் பார்த்துத்தான் மதிப்பெண்ணைப் பிரிக்கிறேன். இந்த வினாவுக்கு 10 மதிப்பெண்ணில் எழுவினாக்களை இனங்காண 2, பிரிவுகளைச் சரியாகச் சொல்ல 3, நிகழ்வுகளோடு பொருத்திக் காரணம் காட்ட 5 என்று வைத்தேன். வண்டி வாடகையை நிபந்தனை என்று கொண்டு, ஒப்பந்தமே உருவாகவில்லை என முடித்த மாணவரும், அந்தச் சொற்களை எடுத்துக்காட்டி வாதிட்டிருந்தால், கடைசி ஐந்தையும் முழுதாகப் பெறுவார்.