அவசரத்துக்கு வழிவிட்ட கார்டு எங்கே போனது?

ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக எழுதிக் கட்டம் கட்டமாக நகர்த்தும் கான்பன் போர்டைப் புதிதாக வைத்த ஒரு குழுவோடு சில வாரங்கள் உட்கார்ந்திருந்தேன். போர்டின் மேலே அவசர வேலைகளுக்கென்று தனிப் பாதை ஒன்று போட்டிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே கூத்தை அவர்களும் அச்சு பிசகாமல் செய்தார்கள். எல்லா வேலையையும் அவசரம் என்று ஒட்டக்கூடாது என்பது ஊருக்கே தெரியும், அதை விட்டுவிட்டு மற்றத் தப்புகளைச் சொல்கிறேன்.

நிறுத்திய கார்டைப் பின்னால் தள்ளுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும், ஏனென்றால் செய்யும்போது ஒழுங்கான காரியம் போலவே தெரியும்.

அப்போது நாங்கள் ஐந்து பேர், நால்வர் நிரல் எழுதுபவர்கள், ஒருவர் டெஸ்டர். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை கார்டு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு: டெவலப்மெண்ட் கட்டத்தின் வரம்பு 4, டெஸ்டிங் கட்டத்தின் வரம்பு 2. ஒரு திங்கட்கிழமை, சில வாடிக்கையாளர்களிடம் ஒரே கட்டணம் இரண்டு முறை வசூலாகிறது என்று தெரிந்தது. உண்மையான அவசரம்தான். கார்டு அவசரப் பாதையில் ஏறியது, இருவர் கைவேலையைப் போட்டுவிட்டு அதில் இறங்கினார்கள். அவர்களுடைய பாதி முடிந்த இரண்டு கார்டுகளையும் நானே 'செய்ய வேண்டியவை' கட்டத்துக்குத் திருப்பி நகர்த்தினேன். யாரும் பார்க்காத வேலை நடப்பதாக ஏன் காட்ட வேண்டும் என்பது என் வாதம்.

விளைவு மறுநாளே தொடங்கியது. டெவலப்மெண்டில் நான்கு இருந்த இடத்தில் இரண்டு கார்டு மட்டும் தெரிந்தது. அவசரக் கார்டு தனிப் பாதையில் இருப்பதால் வரம்புக் கணக்கில் வராது. மற்ற இருவரும் ஒரு பதிலுக்காகக் காத்திருந்த நேரத்தில், இடம் காலி என்று ஆளுக்கொரு புதுக் கார்டை இழுத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, போர்டு அப்படித்தான் சொன்னது. வியாழக்கிழமை அவசரம் முடிந்து முதல் இருவர் திரும்பியபோது கட்டம் நிரம்பியிருந்தது. "பாதி முடிஞ்சதுதானே, கொஞ்சம்தான் பாக்கி" என்று பழைய கார்டுகளையும் உள்ளே கொண்டுவந்தோம். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

ஆறும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்து, இரண்டு மட்டுமே தாங்கும் டெஸ்டிங்கின் வாசலில் வரிசை கட்டின. நிறுத்திவைத்த ஒரு வேலை தொட்ட கோப்பையே புதுக் கார்டு ஒன்றும் மாற்றியிருந்தது. இரண்டையும் ஒட்டவைக்க ஒன்றரை நாள். நிறுத்திவைத்த அந்தக் கார்டு முடிய மொத்தம் 19 நாள் ஆனது, அறிக்கையோ 6 நாள் என்றது. கட்டத்துக்குள் கடைசியாக நுழைந்த நாளிலிருந்து எண்ணும்படி மென்பொருளை அமைத்திருந்தோம். அவசரத்துக்கு நாங்கள் கொடுத்த விலை எந்த எண்ணிலும் இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. வாரத்துக்கு மூன்று கார்டு முடிக்கும் குழுவுக்குள் ஆறு கார்டு இருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு வாரம் எடுக்கும். ஒன்பது இருந்தால் மூன்று வாரம். பின்னால் தள்ளிய கார்டு போர்டில் குறைகிறதே தவிர, வேலையில் குறைவதில்லை.

சரி, என்ன செய்வது? நிறுத்திய கார்டை இருந்த இடத்திலேயே விடுங்கள். 'தடை' குறி போட்டு, நிறுத்திய தேதியையும் எந்த அவசரத்துக்காக என்பதையும் எழுதுங்கள். எங்கே விட்டோம் என்று ஒரு வரியும் சேர்த்தால் திரும்பி வருபவர் அரை நாள் தேட வேண்டியதில்லை. கார்டு தன் இடத்தை அடைத்துக்கொண்டே இருப்பதால் புதியது உள்ளே வராது, நாள் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். போர்டு நெரிசலாகத் தெரிகிறதே என்பார்கள். தெரியட்டும், நெரிசல் உண்மைதானே. கை காலியாகும் ஆள் டெஸ்டிங்குக்கு உதவலாம், அல்லது அவசரக் கார்டிலேயே சேரலாம்.

திருப்பித் தள்ளுவதற்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: அந்த வேலையே இனி வேண்டாம் என்று கேட்டவர் சொல்லிவிட்டால். அப்போது எழுதிய நிரலையும் சேர்த்துக் கைவிடுங்கள்.

முதலில் கையில் கிடைத்தவரை இழுப்பது

இன்று மாலைக்குள் கார்டை முடிக்கப்போகிறவரை எழுப்பாதீர்கள். நேற்றுத்தான் தொடங்கியவரைக் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு அவசரம்

கிடையாது. பாதையின் வரம்பு 1. எது முந்த வேண்டும் என்பதை, அவசரம் என்று கேட்டு வந்த இருவரும் பேசி முடிவு செய்யட்டும்.

காலியாக இருக்கிறதே என்று நிரப்புவது

அவசரப் பாதை காலியாகவே இருக்கட்டும்.

அவசரக் கார்டையே காத்திருக்க வைப்பது

அவசரப் பாதைக் கார்டு டெஸ்டிங்கில் ஒரு இரவு சும்மா கிடந்தால், மறுநாள் காலை டெஸ்டரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று, அது வந்ததையே அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது, அதில் அவசரம் எதுவும் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இரண்டாவது என்றால், கார்டைக் கீழே இறக்கிவிடுங்கள். எங்கள் குழுவில் முதல் மூன்று மாதத்தில் அப்படி இறங்கியவை நான்கு, யாரும் வந்து சண்டை போடவில்லை.